பன்னிரண்டு மாவுக்கு எத்தனை மூட்டை

எங்கள் ஊர் சொசைட்டியில் உரம் வாங்க வருகிறவர்களிடம் அப்பா மூன்று கேள்விகள் கேட்பார். வயல் எத்தனை மா? என்ன ரகம்? அடியுரம் என்ன போடப்போறீங்க? மூன்றுக்கும் பதில் வந்த பிறகுதான் குடோன் சாவியை எடுப்பார். அவசரத்தில் வருகிறவர்கள் கடுப்பாவார்கள். "ஏண்ணே, மூட்டை கேட்டா ஜாதகம் கேக்குறீங்க?" என்பார்கள்.

அப்பாவின் பெயர் சிங்காரவேலு. வெட்டாற்றுக்குத் தெற்கே உள்ள எங்கள் கிராமத்தின் கூட்டுறவுச் சங்கத்தில் முப்பத்தோரு வருஷம் உர விற்பனையாளராக இருந்தார். பத்தாம் வகுப்புப் படிப்பு. சட்டைப் பையில் எப்போதும் ஒரு ரீஃபில் பேனா. மூட்டை தைக்கும் சணல் நூலில் கட்டிய மூக்குக்கண்ணாடி. குடோனுக்குள் போய்விட்டு வந்தால் யூரியா வாசனை அவர் மேல் இருக்கும். வீட்டுக்கு வந்து குளித்த பிறகும் கொஞ்சம் இருக்கும். நான் சென்னையில் ஒரு சாயத் தொழிற்சாலையின் ஆய்வகத்தில் வேலை செய்கிறேன். அங்கே அம்மோனியா பாட்டிலைத் திறக்கும்போதெல்லாம் அவர் நினைவு வரும். இப்போது கொஞ்ச நாளாக அந்தப் பாட்டிலை வேறு யாரையாவது திறக்கச் சொல்கிறேன்.

அவர் கணக்குப் போடும் விதத்தைச் சொல்லிவிடுகிறேன். பிறகு நடந்தது எல்லாம் அதிலிருந்துதான் வருகிறது.

வேளாண்மைத் துறையின் பரிந்துரை ஹெக்டேர் கணக்கில் வரும். நெல்லுக்கு நூற்றைம்பது, ஐம்பது, ஐம்பது. அதாவது நூற்றைம்பது கிலோ தழைச்சத்து, ஐம்பது மணிச்சத்து, ஐம்பது சாம்பல் சத்து. எங்கள் பக்கத்தில் யாரிடமும் ஹெக்டேர் கிடையாது. மாதான் உண்டு. ஏழரை மா ஒரு ஹெக்டேர். பன்னிரண்டு மா வைத்திருக்கிறவரை ஏழரையால் வகுத்தால் ஒன்று புள்ளி ஆறு ஹெக்டேர். அவருக்குத் தேவை இருநூற்று நாற்பது கிலோ தழை, எண்பது மணி, எண்பது சாம்பல்.

அடுத்த படி, சத்தை மூட்டையாக்குவது. அப்பா எப்போதும் டிஏபி உரத்தில் ஆரம்பிப்பார். நூறு கிலோ டிஏபியில் நாற்பத்தாறு கிலோ மணிச்சத்து. எண்பது கிலோ வேண்டுமென்றால் நூற்றெழுபத்தைந்து கிலோ, மூன்றரை மூட்டை. அந்த டிஏபியிலேயே பதினெட்டு சதவீதம் தழைச்சத்தும் இருக்கிறது. மூன்றரை மூட்டையில் முப்பத்தொன்றரை கிலோ. அதை இருநூற்று நாற்பதில் கழிக்க வேண்டும். நிறைய பேர் தவறுவது இந்த இடத்தில்தான். டிஏபிக்குள் இருக்கும் தழையைக் கழிக்காமல் முழு யூரியாவையும் கொட்டுவார்கள். அப்பா கழிப்பார். மிச்சம் இருநூற்றெட்டரை. யூரியாவில் நூற்றுக்கு நாற்பத்தாறு கிலோதான் தழை. ஆக, நானூற்று ஐம்பத்து மூன்று கிலோ யூரியா. மூன்று கிலோவை விட்டுவிடுவார். ஐம்பது கிலோ மூட்டையில் ஒன்பது மூட்டை. பொட்டாஷில் நூற்றுக்கு அறுபது சாம்பல் சத்து. நூற்று முப்பத்து மூன்று கிலோ, அதாவது இரண்டு மூட்டையும் முப்பத்து மூன்று கிலோவும்.

இத்தனையும் மனக்கணக்கு. ஆள் சைக்கிளுக்கு ஸ்டாண்டு போடுவதற்குள் முடித்துவிடுவார்.

பிறகு யூரியா மூட்டை நாற்பத்தைந்து கிலோ ஆனது. டிஏபியும் பொட்டாஷும் ஐம்பதிலேயே நின்றன.

"யூரியா மட்டும் எளைச்சுப் போச்சு, அண்ணே. சுகரா இருக்குமோ?" என்றார் குணசேகரன். குடோனில் மூட்டை இறக்குகிறவர் அவர். அப்பாவோடு இருபது வருஷம்.

அப்பாவுக்குச் சிரிப்பு வரவில்லை. முப்பது வருஷம் வாயில் பழகிய எண்கள் எல்லாம் ஒரே நாளில் தப்பாகிவிட்டன. ஒன்பது மூட்டைக்காரருக்கு இனிப் பத்து. ஆறு மூட்டைக்காரருக்கு ஆறும் முப்பது கிலோவும். வருகிறவர்கள் பழைய எண்ணையே கேட்டார்கள். கொடுத்தால் பத்தில் ஒரு பங்கு குறைந்தது.

எனக்கு போன் செய்தார். "கலா, நீ ஒரு அட்டை போட்டுக் கொடேன். ஒரு மாவுலேருந்து ஒரு வேலி வரைக்கும். பாத்துச் சொல்ற மாதிரி."

அரை மணி நேர வேலை. கணினியில் போட்டேன். ஒரு வேலிக்கு இருபது மா, அதனால் இருபது வரிசை, நாலு கட்டம்: மா, டிஏபி, யூரியா, பொட்டாஷ். லேமினேட் செய்து பஸ் பார்சலில் அனுப்பினேன். எண்களை இரண்டு முறை சரிபார்த்தேன். எல்லாம் சரி. இன்றைக்கும் அதில் ஒரு எண்கூடத் தப்பில்லை.

அப்பா அதை விற்பனை மேஜைக்குப் பின்னால் சுவரில் ஆணியடித்து மாட்டினார். "எம் மக போட்டது" என்று எல்லோருக்கும் காட்டினார். வந்தவர்களே விரலை வைத்துப் படித்துக்கொண்டார்கள். வரிசை சீக்கிரம் நகர்ந்தது. அப்பா கேள்வி கேட்பது குறைந்தது.

இந்த இடத்திலிருந்து நடந்ததை, அவருடைய பதினாறாம் நாள் காரியத்துக்கு ஊருக்குப் போனபோதுதான் அறிந்தேன். சொன்னவர் தங்கமணி அத்தை.

அத்தை என்றால் சொந்தம் இல்லை. அப்பாவை அண்ணே என்று கூப்பிடுவார், அதனால் எனக்கு அத்தை. கணவர் இறந்த பிறகு அவர் வைத்திருந்த பன்னிரண்டு மா குத்தகை நிலத்தை விடாமல் பிடித்துக்கொண்டு பயிர் செய்கிறவர். நிலம் பரணிதரன் என்பவருடையது. அவர் தஞ்சாவூரில் மருத்துவக் கல்லூரி சாலையில் இருக்கிறார்.

அட்டை மாட்டிய வருஷம் சம்பாவுக்கு உரம் வாங்க அத்தை வந்திருக்கிறார். "பன்னெண்டு மாண்ணே." அட்டையில் பன்னிரண்டாம் வரிசை: யூரியா பத்து மூட்டை. அப்பா விரல் ரேகை மெஷினில் அத்தையின் விரலை வைக்கச் சொன்னார். மூட்டைகள் வண்டியேறின. மற்ற இரண்டு கேள்விகள் கேட்கப்படவில்லை.

தை மாதம், அறுவடைக்குப் பத்து நாள் இருக்கும்போது இரண்டு நாள் மழை. அத்தையின் வயல் பாய் விரித்த மாதிரி படுத்துவிட்டது. அறுவடை மெஷின்காரர் வரப்பிலேயே நின்று பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார். ஆள் வைத்து அறுத்ததில் பாதி நெல் முளைவிட்டிருந்தது.

அப்பா போய்ப் பார்த்தார். படுத்த பயிர் ஒன்றைத் தூக்கிப் பிடித்தார். இடுப்புக்கு மேல் உயரம்.

"என்ன ரகம்மா இது?"

"வெள்ளைப் பொன்னிண்ணே. எப்பவும் பொன்மணிதான் போடுவேன். இந்த வருஷம் நெலத்துக்கார சார்தான் வீட்டு அரிசிக்குப் பொன்னி வேணும்னாரு."

அப்பா வரப்பில் உட்கார்ந்துவிட்டாராம். வேட்டி நனைவதைக்கூடப் பார்க்கவில்லையாம்.

வெள்ளைப் பொன்னிக்குப் பரிந்துரை வேறு. எழுபத்தைந்து, ஐம்பது, ஐம்பது. தழைச்சத்து சரிபாதி. உயரமாக வளர்கிற ரகம், தண்டு மெலிசு. கூடுதல் தழை போட்டால் இன்னும் உயர்ந்து, கதிர் கனத்ததும் சாய்ந்துவிடும். அப்பாவுக்கு இது என்னைவிட நன்றாகத் தெரியும். இரண்டாவது கேள்வி அதற்காகத்தான் இருந்தது. நான் அனுப்பிய அட்டையில் ரகத்துக்குக் கட்டம் இல்லை.

அன்று சாயங்காலம் எனக்கு போன் செய்தார். அது எனக்கு நினைவிருக்கிறது.

"அந்த அட்டையில இன்னொரு கட்டம் போட முடியுமா?"

"எதுக்குப்பா?"

"ரகத்துக்கு."

"ஞாயித்துக்கிழமை பாக்குறேன்பா."

"மெதுவாப் பாரு. அவசரமில்ல."

மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் போயின. பிறகு மறந்துவிட்டேன். அவரும் திரும்பக் கேட்கவில்லை. அடுத்து நான் ஊருக்குப் போனபோது அட்டையின் கீழே ஒரு துண்டுக் காகிதம் ஒட்டியிருந்தது. "வெள்ளைப் பொன்னிக்கு இந்த அட்டை ஆகாது. கேட்டு வாங்கவும்." அப்பாவின் கையெழுத்து. நான் படித்துவிட்டுச் சும்மா இருந்தேன்.

பரணிதரன் நிலத்தைத் திரும்பக் கேட்டார். கிழக்குத் தெருவில் சொந்தமாக டிராக்டர் வைத்திருக்கிற ஒருவர் குத்தகைக்குத் தயாராக இருந்தார். அத்தைக்கு வேறு நிலம் இல்லை. பதினெட்டு வருஷமாக அந்தப் பன்னிரண்டு மாதான் சோறு.

அப்பா தஞ்சாவூருக்கு பஸ் ஏறினார். அத்தையையும் கூட்டிக்கொண்டு போனார்.

"சார், தங்கமணி மேல தப்பில்ல. உரக் கணக்கு நான் சொன்னது. என் கணக்குதான் தப்பு" என்றார்.

பரணிதரன் நாற்காலியைக் காட்டினார். அப்பா உட்காரவில்லை.

"சிங்காரவேலு, முப்பது வருஷமா மூட்டை வித்தவருக்குப் பொன்னிக்கு எவ்வளவுன்னு தெரியாதா?"

"தெரியும் சார். கேக்காம விட்டுட்டேன்."

"இதையே எங்க ஆபீஸ்ல சொல்லியிருந்தா வீட்டுக்கு அனுப்பியிருப்பாங்க."

"நியாயந்தான் சார். இவங்களுக்கு ஒரு வருஷம் குடுங்க. அதே பொன்னி. அதே வயல். சாஞ்சா சாவியைக் குடுக்குற மாதிரி நிலத்த ஒப்படைக்கச் சொல்றேன்."

அத்தை இதைச் சொல்லும்போது நிறுத்தி ஒன்று சொன்னார்: "அட்டைன்னு ஒரு வார்த்தை சொல்லல, பாப்பா. நானே வாயத் தொறந்தேன், சுவத்துல மாட்டியிருந்துச்சேண்ணேன்னு. என் கையப் பிடிச்சு அமுக்குனாரு."

ஒரு வருஷம் கிடைத்தது.

அந்த வருஷச் சீட்டை அத்தை இன்னும் வைத்திருக்கிறார். ரேஷன் கார்டு உறையில் மடித்து வைத்திருந்ததை எனக்குக் காட்டினார். ரசீதின் பின்பக்கம், ரீஃபில் பேனா. தழை நூற்றிருபது. டிஏபி மூன்றரை மூட்டை, அதில் தழை முப்பத்தொன்றரை. மிச்சம் எண்பத்தெட்டரை. யூரியா நூற்றுத் தொண்ணூற்றிரண்டு கிலோ. நாலு மூட்டையும் பன்னிரண்டு கிலோவும். பொட்டாஷ் இரண்டு மூட்டையும் முப்பத்து மூன்று கிலோவும். கீழே ஒரு வரி: "அடியில் யூரியா வேண்டாம். டிஏபி போதும். மேலுரம் மூன்று தடவை, தடவைக்கு 64 கிலோ."

அது சரியான கணக்கு. தழையை நாலு பங்காகப் பிரித்துப் போடச் சொல்வார்கள். பங்கு முப்பது கிலோ. நடவின்போது அடியுரமாகப் போடுகிற டிஏபியில் இருக்கும் முப்பத்தொன்றரை முதல் பங்கை முடித்துவிடுகிறது. மிச்சம் மூன்று பங்கு தூர் கட்டும்போதும், கதிர் உருவாகும்போதும், கதிர் வெளிவரும்போதும்.

ஆனால் பத்து மூட்டை போட்ட கைக்கு நாலு மூட்டை என்பது பட்டினி போடுவது மாதிரி. கார்த்திகையில் சுற்றி இருந்த வயல்கள் கரும்பச்சையாக நிற்க, அத்தையின் வயல் மட்டும் வெளிர்பச்சை.

"என்ன தங்கமணி, ஒன் பயிருக்கு ரத்தசோகையா? சொசைட்டிக்காரரு டானிக்குக்கும் ரேஷன் போட்டுட்டாரா?" கிழக்குத் தெரு டிராக்டர்காரர் ஒவ்வொரு நாளும் கேட்டார். தனக்கு வரப்போகிற வயல் என்று அவருக்கு நினைப்பு.

அத்தை சொசைட்டிக்கு வந்தார். "அண்ணே, இன்னும் ரெண்டு மூட்டை குடுங்க. பாக்கவே வயிறு எரியுது."

"பச்சை எவ்வளவுன்னு பாத்துட்டு வந்து சொல்றேன்" என்றார் அப்பா.

மறுநாள் காலை இலை வண்ண அட்டையை எடுத்துக்கொண்டு வயலுக்குப் போனார். பிளாஸ்டிக்கில் பச்சையின் படிகள் வரிசையாக இருக்கும் ஒரு பட்டை அது. இலையைப் பறிக்காமல் அதன்மேல் வைத்துப் பார்க்க வேண்டும். அட்டைமேல் வெயில் படாமல் குணசேகரன் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். பத்து இடத்தில் வைத்துப் பார்த்தார். மூன்றாம் பச்சைக்கும் நான்காம் பச்சைக்கும் நடுவே நின்றது.

"மத்த ரகத்துக்கு நாலு வேணும். பொன்னிக்கு மூணு போதும்மா. இது மூணுக்கு மேலயே இருக்கு. இதுக்குப் பேரு வெளுப்பில்ல, இதுதான் இதோட நெறம்."

"எனக்கென்னவோ பயமா இருக்குண்ணே."

"எனக்கும் பயந்தான்" என்றார் அப்பா. "கணக்கு சரியா இருக்கு, பயம் அது பாட்டுக்கு இருந்துட்டுப் போகட்டும்."

அத்தை கூடுதல் யூரியா வாங்கவில்லை. அப்படித்தான் அப்பா நினைத்தார்.

அந்த வருஷமும் தையில் மழை வந்தது. முதல் நாள் ராத்திரி தொடங்கி மறுநாள் மதியம் வரை. மழை விட்டதும் அப்பா குணசேகரனை ஏற்றிக்கொண்டு டிவிஎஸ் ஃபிஃப்டியில் போனார். அத்தை அவருக்கு முன்பே வரப்பில் நின்றிருந்தார்.

பதினொரு மா நின்றது. கதிர் தலைசாய்த்திருந்தது, தண்டு நின்றது. வாய்க்கால் ஓரம் ஒரு மா மட்டும் படுத்திருந்தது. கோடு கிழித்த மாதிரி, அந்த வரப்போடு சரி.

அப்பா அந்த ஒரு மாவைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"இந்த மூலையில எலி ஜாஸ்தியோ?" என்று கேட்டார்.

"ஆமாண்ணே. எலிதான்" என்றார் அத்தை.

"பெரிய எலியா இருக்கும்போல." குணசேகரன் மட்டும் வாயைப் பொத்திக்கொண்டு வாய்க்கால் பக்கம் திரும்பிவிட்டாராம்.

அந்த வாரமே அறுவடை மெஷின் இறங்கியது. பரணிதரன் வந்து நெல்லைக் கையில் அள்ளிப் பார்த்தார். நிலம் அத்தையிடமே இருக்கட்டும் என்றார். இன்றுவரை இருக்கிறது.

எங்கள் வீட்டுக் கூடத்தில், பந்தல்காரர் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்த சத்தத்துக்கு நடுவே, அத்தை குரலைத் தாழ்த்தினார்.

"எலி இல்ல பாப்பா. நான்தான். டிராக்டர்காரன் பேச்சுத் தாங்காம, பக்கத்து வயக்காரங்ககிட்ட அரை மூட்டை வாங்கி அந்த ஒரு மாவுல மட்டும் வீசுனேன். சோதனை பாக்கலாம்னு. ஒங்கப்பாகிட்ட கடைசி வரைக்கும் சொல்லல. சொல்லணும்னே இருந்தேன்."

மனத்தில் கணக்கு ஓடியது, நிறுத்த முடியவில்லை. அரை மூட்டை இருபத்திரண்டரை கிலோ. அதில் தழை பத்து கிலோவும் கொஞ்சமும். பொன்னிக்கு ஒரு மாவுக்கு வேண்டியதே பத்து. அந்த அரை மூட்டை அந்த ஒரு மாவை ஹெக்டேர் கணக்கில் எழுபத்தைந்திலிருந்து நேராக நூற்றைம்பதுக்குக் கொண்டுபோயிருக்கிறது. என் அட்டையின் அளவு. ஒரே வயலில், ஒரே மழையில், அவருடைய கணக்கு பதினொரு மாவிலும் என்னுடையது ஒரு மாவிலும்.

"அவருக்குத் தெரியும் அத்தே" என்றேன்.

"தெரிஞ்சிருக்கும்" என்றார். "எலி போற பாதை அப்புடி நேரா இருக்காதுல்ல." சிரிக்கப் பார்த்து, முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். நானும் கொஞ்ச நேரம் எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டு வந்தேன்.

திரும்பி வந்தபோது அத்தை சீட்டை உறையில் வைத்துக்கொண்டிருந்தார். அவர் வந்த காரியம் அப்போதுதான் தெரிந்தது.

"அடுத்த வாரம் நடவு, பாப்பா. சொசைட்டியில புதுசா ஒரு தம்பி வந்திருக்கு. நல்ல புள்ளதான். எதுவும் கேக்க மாட்டேங்குது, கேட்டதக் குடுத்துடுது. ஒங்கப்பா சீட்டுப்படியே போட்டுடலாமில்ல? நாலு மூட்டையும் பன்னெண்டு கிலோவும்?"

போடலாம் என்று வாய் வரைக்கும் வந்தது. அப்பாவின் கையெழுத்து. அவர் சோதித்துப் பார்த்த எண். அதில் கைவைக்க எனக்கு மனசில்லை.

"எத்தனை மா, அத்தே?" என்று கேட்டேன்.

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "பன்னெண்டுதாண்டி."

"என்ன ரகம்?"

"அதே பொன்னிதான். நாத்தங்கால்ல நிக்குது."

"அடியுரம் என்ன போடப்போறீங்க?"

"டிஏபி எங்க கெடைக்குது? லோடு எப்ப வரும்னு தெரியாதாம். சூப்பர்தான் இருக்கு. பத்து மூட்டை சொல்லி வச்சிருக்கேன். அந்த தம்பிதான் கணக்குப் போட்டுச் சொன்னுச்சு."

சூப்பர் பாஸ்பேட். நூற்றுக்குப் பதினாறு மணிச்சத்து. எண்பது கிலோவுக்கு ஐந்நூறு கிலோ, பத்து மூட்டை. அந்தத் தம்பி சரியாகத்தான் சொல்லியிருக்கிறார். ஆனால் சூப்பரில் தழைச்சத்து ஒரு கிலோகூடக் கிடையாது. டிஏபி கொடுத்துக்கொண்டிருந்த முப்பத்தொன்றரை இந்த வருஷம் இல்லை. பழைய சீட்டுப்படி போட்டால் நடவுப் பயிருக்கு முதல் பங்கு தழையே கிடைக்காது.

மேஜையில் கருமாதிப் பத்திரிகைகள் மிச்சம் இருந்தன. ஒன்றைத் திருப்பினேன். பின்பக்கம் வெள்ளை. அப்பாவின் சட்டை இன்னும் ஆணியில்தான் தொங்கியது. பையில் பேனா இருந்தது. எழுதியது.

தழை நூற்றிருபது. கழிக்க எதுவுமில்லை. யூரியா இருநூற்று அறுபத்தோரு கிலோ. ஐந்து மூட்டையும் முப்பத்தாறு கிலோவும். பொட்டாஷ் பழைய சீட்டில் உள்ளபடி. யூரியா நாலு தடவை, தடவைக்கு அறுபத்தைந்து கிலோ. அடியிலும் போட வேண்டும்.

அத்தை எழுத்துக்கூட்டிப் படித்தார். "ஒன்றரை மூட்டைக்கு மேல ஏறுதே. சாஞ்சுடாதா?"

"சாயாது. டிஏபிக்குள்ள இருந்ததுதான் இப்ப யூரியாவா வருது. மொத்தம் அதேதான்."

"ஒனக்கு நிச்சயமாத் தெரியுமா?"

"கணக்கு சரியா இருக்கு அத்தே."

"பயம்?"

"இருக்கு."

அத்தை பத்திரிகையை நாலாக மடித்தார். முன்பக்கத்தில் அப்பாவின் படம் மடிப்புக்குள் போயிற்று. பழைய சீட்டோடு சேர்த்து அதே உறைக்குள் வைத்தார். வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு திரும்பினார்.

"தையில மழை பேஞ்சா போன் பண்றேன். வந்து பாரு."

"வர்றேன்" என்றேன்.

அன்று மதியம் சொசைட்டிக்குப் போனேன். அட்டை அதே ஆணியில் இருந்தது, கீழே அப்பாவின் காகிதம் மஞ்சளேறி ஓரம் சுருண்டிருந்தது. புதிய விற்பனையாளரிடம் கேட்டு அதைக் கழற்றி எடுத்துக்கொண்டேன். ஞாயிற்றுக்கிழமை ஊரிலேயே உட்கார்ந்து இன்னொன்று போட்டேன். இதில் ஆறு கட்டங்கள். ரகமும் அடியுரமும் முதலில்.